இரைப்பைப் புண்ணை இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும்

என்டோஸ்கோப்பி முடிந்ததும் கையில் ஒரு வண்ணத் தாளைக் கொடுக்கிறார்கள். அதில் நான்கோ ஆறோ படங்கள், கீழே நாலைந்து வரி ஆங்கிலம். டாக்டர் உள்ளே கூப்பிடும் வரை குடும்பமே அந்தப் படங்களை உற்றுப் பார்க்கிறது. சிவப்பாகத் தெரிந்தால் பயம். வெள்ளையாக ஒரு குழி தெரிந்தால் இன்னும் பயம். ‘பயாப்ஸி எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

ஆனால் அந்தப் படங்களில் கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிவதும் மருத்துவத்தில் கவனம் வேண்டுவதும் பெரும்பாலும் ஒன்றல்ல. செக்கச்செவேலென்று இருக்கும் இரைப்பை பல நேரம் சாதாரணமானது. சுத்தமான வெள்ளை அடித்தளத்தோடு, ரத்தம்கூடக் கசியாமல் இருக்கும் ஒரு சின்னப் புண்தான் டாக்டரைக் கூடுதலாக ஐந்து நிமிடம் நிறுத்திவைக்கும்.

முதலில் அந்தப் படங்கள் எந்தெந்த இடத்தைக் காட்டுகின்றன என்று பார்ப்போம். குழாய் வாய் வழியாக இறங்கி உணவுக்குழாயைக் கடந்து இரைப்பைக்குள் நுழைகிறது. இரைப்பையின் பெரிய நடுப்பகுதியை உடல் பகுதி என்கிறார்கள். அறிக்கையில் ‘பாடி’ அல்லது ‘கார்ப்பஸ்’ என்று இருக்கும். அங்கே உட்சுவர் சேலைக் கொசுவம் போல நீளநீளமாக மடிந்திருக்கும். குழாய் வழியாகக் காற்றை ஊதினால் அந்த மடிப்புகள் விரிந்து தட்டையாகிவிடும். அதற்குக் கீழே இரைப்பை குறுகி, சிறுகுடலை நோக்கித் திரும்பும் பகுதி ‘ஆன்ட்ரம்’. அங்கே மடிப்பு இருக்காது, வழவழப்பாக இருக்கும். உடல் பகுதிக்கும் ஆன்ட்ரத்துக்கும் நடுவே, மேல் பக்கமாக ஒரு வளைவு உண்டு. ‘இன்சிசுரா’ என்று அறிக்கையில் எழுதப்படும் அந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம். ஆன்ட்ரத்தின் கடைசியில் வட்டமான வாசல், அதைத் தாண்டினால் முன்சிறுகுடல். படம் ஒன்றில் கறுப்புக் குழாயே தெரிகிறதென்றால் பயப்பட வேண்டாம். குழாயின் நுனியைப் பின்பக்கமாக வளைத்து இரைப்பையின் மேல்மூலையைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மூலை நேராகப் பார்த்தால் தெரியாது. அப்படி வளைத்துப் பார்த்த படம் இருப்பது பரிசோதனை ஒழுங்காக நடந்ததற்கு ஓர் அடையாளம்.

ஆரோக்கியமான உட்சுவர் வெளிர் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு. ஆகவே ‘சிவப்பாக இருக்கிறதே’ என்ற அச்சத்தில் பாதி, இயல்பான நிறத்தைப் பார்த்தே வருவது. அதற்கு மேல் கூடுதல் சிவப்பு இருந்தால் ‘எரித்தமா’ என்றோ ‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்றோ எழுதுவார்கள். நம் ஊரில் எடுக்கப்படும் என்டோஸ்கோப்பி அறிக்கைகளில் மிக அதிகமாகக் காணக்கிடைக்கும் வரி இதுதான் என்று தோன்றுகிறது. அது உண்மையில் ஒரு நிறத்தின் வர்ணனை மட்டுமே. கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி, என்பதை உறுதிசெய்ய நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்தாக வேண்டும். அழற்சி அணுக்கள் உள்ளே புகுந்திருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். கண்ணுக்குச் சிவந்து தெரிந்த பல இரைப்பைகள் நுண்ணோக்கியில் சுத்தமாக இருக்கின்றன. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்தவற்றில் கடும் அழற்சி இருப்பதும் உண்டு.

சிவப்புக்குக் காரணங்கள் பல. வலி மாத்திரை, மது, சிறுகுடலிலிருந்து பின்னோக்கி வரும் பித்தநீர், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி ஆகியவை முக்கியமானவை. பரிசோதனையின்போது நோயாளி குமட்டியதால்கூடச் சிவக்கும். குழாய் நுனி உறிஞ்சிய இடத்தில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு விழும். எனவே ‘லேசான எரித்தமா’ என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்குவது சரியல்ல. அந்தச் சிவப்புக்குப் பின்னால் கிருமி இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான் அங்கே கேட்கத் தகுந்தது.

அந்தக் கிருமியின் கதை சுருக்கமாக. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், இரைப்பைத் திசுத் துண்டுகளில் சுருண்ட பாக்டீரியாக்களை 1979-இல் கவனித்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தைவிட அதிக நாள் வைக்கப்பட்டுவிட்ட வளர்ப்புத் தட்டில் கிருமி முளைத்தது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார்; சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது, பயாப்ஸியில் அது உறுதியானது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. காரம், கவலை, பட்டினி என்றே காரணம் சொல்லப்பட்டு வந்த புண்ணுக்கு, இந்தக் கிருமியும் வலி மாத்திரையும்தான் இரு பெரும் காரணங்கள் என்பது அதன்பின் நிலைபெற்றது. இந்தியாவில் பெரியவர்கள் பலருடைய இரைப்பையில் இந்தக் கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அவர்களில் சிலருக்குத்தான் புண் வருகிறது.

இனி புண்ணுக்கு வருவோம். ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 58, தையற்காரர். நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்து முழங்காலில் வலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை நாலு மாதமாகக் காலையில் டீயோடு போட்டுக்கொள்கிறார். மேல்வயிற்றில் மந்தமான வலி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 கிராம். டாக்டர் என்டோஸ்கோப்பிக்கு அனுப்புகிறார்.

இன்சிசுராவில் ஒரு புண் தெரிகிறது, குறுக்களவு சுமார் 12 மில்லிமீட்டர். அடித்தளம் வெள்ளை, அது சீழ் அல்ல, புண்ணின் மேல் படியும் நாரிழைப் படலம். ரத்தக் கசிவு இல்லை, ரத்தக் குழாயும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அறிக்கையில் ‘ஃபாரஸ்ட் 3’ என்று இருக்கிறது. 1974-இல் வந்த ஒரு வகைப்பாடு அது. புண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டால் 1 ஏ, கசிந்தால் 1 பி, ரத்தக் குழாய் வெளியே தெரிந்தால் 2 ஏ, உறைந்த ரத்தம் ஒட்டியிருந்தால் 2 பி என்று இறங்கி, சுத்தமான அடித்தளத்துக்கு 3 என்று முடியும். இந்த எண், புண் மறுபடி ரத்தம் கக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிறது. 3 என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த எண்ணுக்கும் புண் புற்றா இல்லையா என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அறிக்கை வாசிக்கும் பலர் இங்கேதான் தவறாக நிம்மதி அடைகிறார்கள்.

புற்றா என்பதைக் கண்டுபிடிக்க டாக்டர் புண்ணின் விளிம்பைப் பார்க்கிறார். சாதாரணப் புண்ணின் விளிம்பு வட்டமாக, ஒழுங்காக இருக்கும். சுற்றிலுமுள்ள மடிப்புகள் புண்ணின் ஓரம் வரை வந்து சேரும். புற்றுப் புண்ணில் விளிம்பு மேடுபள்ளமாக, ஒரு பக்கம் உயர்ந்து, தொட்டால் ரத்தம் வரும்படி இருக்கும். மடிப்புகள் பாதி வழியிலேயே நின்றுவிடும், அல்லது நுனி தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தையற்காரரின் புண்ணில் மூன்று பக்கம் ஒழுங்காக இருக்கிறது. நான்காவது பக்கம் சற்று மேடாக இருக்கிறது. அது வீக்கமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் கண் தோற்றுவிடுகிறது. எவ்வளவு அனுபவமுள்ள கண்ணாக இருந்தாலும் சரி.

ஆகவே பயாப்ஸி. இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அறிக்கை வாங்கியவர்களுக்கு இதுவே மிகவும் பயன்படும். இதே அளவு, இதே தோற்றமுள்ள புண் முன்சிறுகுடலில் இருந்தால் டாக்டர் பொதுவாக அந்தப் புண்ணிலிருந்து சதை எடுக்க மாட்டார். அங்கே புற்று மிக அரிது. கிருமி இருக்கிறதா என்று இரைப்பையிலிருந்து மட்டும் ஒன்றிரண்டு துண்டு எடுப்பார். இரைப்பைக்குள்ளேயே உள்ள புண்ணானால், பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் சதை எடுப்பது நல்ல நடைமுறை. எனவே உங்கள் அறிக்கையில் ‘அல்சர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘கேஸ்ட்ரிக்’ என்று இருக்கிறதா, ‘டுவோடினல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நடக்க வேண்டியது எல்லாம் அந்தச் சொல்லைப் பொறுத்ததே.

சதை எடுக்கும் கருவி குழாயின் உள்ளே உள்ள மெல்லிய துளை வழியாகப் போகிறது. துளையின் அகலம் வழக்கமாக 2.8 மில்லிமீட்டர். நுனியில் இரண்டு சின்னக் கிண்ணங்கள் கவ்வித் திறக்கும். அது கடித்து எடுக்கும் துண்டு ஓர் எள்ளுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். உட்சுவரைக் கிள்ளினால் வலி தெரியாது. தொண்டையில் மரப்பு மருந்து அடித்ததும் குமட்டியதும்தான் நோயாளிக்கு நினைவிருக்கும். கிள்ளிய இடத்தில் ஒரு துளி ரத்தம் வந்து தானே நிற்கும், சில நாளில் ஆறிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் பயாப்ஸிக்காக அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. வெறும் கிள்ளல் பயாப்ஸிக்கு ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை என்பதே பொதுவான வழிகாட்டுதல். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை சாப்பிட்டால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தையற்காரரின் புண்ணிலிருந்து ஏழு துண்டுகள் எடுக்கப்படுகின்றன. விளிம்பின் நான்கு பக்கத்திலிருந்தும், மேடான பக்கத்திலிருந்து கூடுதலாகவும், கடைசியில் அடித்தளத்திலிருந்தும். ‘ஒரு துண்டு போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 1982-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புற்று உள்ள புண்களில் முதல் துண்டு சுமார் 70 சதவீதத்தில்தான் அதைப் பிடித்தது என்று காட்டியது. நான்கு துண்டில் 95, ஏழு துண்டில் 98 சதவீதம். முழுக்க அடித்தளத்திலிருந்தே எடுத்தால் வெறும் செத்த திசுவும் படலமும்தான் வரும். விளிம்பில் உயிருள்ள அணுக்கள் இருக்கும். புற்று புண்ணின் ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம் என்பதால் எல்லாப் பக்கமும் தொட வேண்டியிருக்கிறது. ‘ஏழு துண்டு எடுத்தார்கள்’ என்று கேட்டுப் பதறுகிற உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: சந்தேகம் கூடியதால் ஏழு எடுக்கவில்லை, ஒன்றும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக எடுத்திருக்கிறார்கள்.

புண்ணிலிருந்து எடுத்தது ஒரு புட்டி. அதைத் தவிர, கிருமிக்காகவும் உட்சுவரின் பொதுநிலையை அறியவும் வேறு இடங்களிலிருந்து எடுப்பார்கள். 1990-இல் சிட்னியில் நடந்த மாநாட்டில் பிறந்து, 1994-இல் ஹூஸ்டனில் திருத்தப்பட்ட ஒரு முறைப்படி ஐந்து துண்டுகள்: ஆன்ட்ரத்தில் இரண்டு, இன்சிசுராவில் ஒன்று, உடல் பகுதியில் இரண்டு. இவை தனித்தனிப் புட்டிகளில், எந்த இடம் என்று எழுதி, ஃபார்மலினில் போடப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் கொட்டிவிட்டால் ஆய்வகத்தில் உள்ள மருத்துவர் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. நான் மிகவும் வருந்தும் சிறு அலட்சியங்களில் இது ஒன்று. நோயாளி பொறுத்துக்கொண்ட அத்தனை சிரமத்தின் பலனில் பாதி, ஒரு புட்டியை மிச்சப்படுத்தியதில் போய்விடுகிறது.

அந்த இடத்திலேயே, சில நிமிடங்களில் ஒரு முடிவு தெரியும் பரிசோதனையும் உண்டு. ஆர்.யு.டி. என்பார்கள். யூரியா கலந்த மஞ்சள் நிறக் களியில் ஒரு துண்டுச் சதையை வைக்கிறார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி இருந்தால் அதன் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், களி இளஞ்சிவப்பாக மாறும். பல நேரம் அரை மணிக்குள்ளேயே மாறிவிடும். சில நேரம் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். நிறம் மாறினால் கிருமி உண்டு என்று நம்பலாம். மாறாவிட்டால் இல்லை என்று உடனே முடிவுகட்ட முடியாது. ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தால் கிருமியின் எண்ணிக்கை குறைந்து பரிசோதனை ஏமாற்றிவிடும். அதனால் முடிந்தவர்கள் அந்த மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பார்கள். டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். புண்ணில் ரத்தக் கசிவு இருக்கும்போதும் இதே ஏமாற்றம் நேரும்.

தையற்காரரின் களி அரை மணி நேரத்தில் சிவந்துவிட்டது. திசு அறிக்கை ஆறாம் நாள் வருகிறது. அதன் சாரம் இது: புண்ணின் விளிம்பில் புற்று அணுக்கள் இல்லை, டிஸ்பிளாசியா இல்லை. ஆன்ட்ரத்தில் ‘க்ரானிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ்’. கிருமி தென்படுகிறது. ஓரிடத்தில் ‘இன்டஸ்டைனல் மெட்டாபிளாசியா’.

இந்தச் சொற்களை வீட்டில் கூகுளில் தேடிப் பார்த்து மனம் நொந்தவர்கள் ஏராளம். ‘க்ரானிக்’ என்றால் அழற்சி நாட்பட்டது என்று பொருள். ‘ஆக்டிவ்’ என்றால் அது இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. கிருமி இருக்கும் இரைப்பையில் இப்படித்தான் இருக்கும். மெட்டாபிளாசியா என்பது, பல ஆண்டு அழற்சியால் இரைப்பைச் சுவரின் ஓர் இடத்தில் சிறுகுடலில் இருக்க வேண்டிய வகை அணுக்கள் வந்து குடியேறுவது. அது புற்று அல்ல. அது உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்று வருவதே இல்லை. ஆனாலும் அது பரந்து, உடல் பகுதியிலும் இருந்தால், அல்லது பெற்றோர் உடன்பிறந்தோரில் யாருக்கேனும் இரைப்பைப் புற்று வந்திருந்தால், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். அதற்கடுத்த படி டிஸ்பிளாசியா, அணுக்களே உருக்குலையத் தொடங்கிய நிலை. அந்தச் சொல் மட்டும் அறிக்கையில் இருந்தால் தாமதம் கூடாது. இரண்டாவது நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் அதே கண்ணாடிச் சில்லைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், பின்பு அந்த இடத்தை என்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

தையற்காரருக்கு டைக்ளோஃபெனாக் நிறுத்தப்படுகிறது. கிருமிக்கு 14 நாள் மருந்து, அமிலக் குறைப்பு மாத்திரை எட்டு வாரம், ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து. பத்து நாளில் வலி போய்விடுகிறது. ஒன்றரை மாதத்தில் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் நின்றுவிடுகிறது. எட்டாம் வாரம் மறுபடி வரச் சொன்னபோது மகன் கேட்கிறார்: “அப்பாவுக்குத்தான் நல்லாயிடுச்சே டாக்டர், புற்று இல்லைன்னு ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. திரும்பவும் எதுக்குக் குழாய் விடணும்?”

நியாயமான கேள்விதான். பதில் இது. இரைப்பையில் வரும் ஆரம்பநிலைப் புற்றின் மேலும் புண் உண்டாகும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் அந்தப் புண்ணும் சுருங்கும், சில வேளை முழுதாக மூடிக்கொள்ளும். வலி நின்றுபோகும். கீழே புற்று அப்படியே இருக்கும். மாதங்கள் கழித்துப் புண் மறுபடி திறக்கும். ஜப்பானிய மருத்துவர்கள் இந்த மூடித் திறக்கும் சுழற்சியைக் கூர்ந்து கவனித்து விவரித்திருக்கிறார்கள். ஆகவே வலி நின்றதோ, மாத்திரையில் புண் சிறுத்ததோ, அது சாதாரணப் புண் என்பதற்குச் சான்றாகாது. இன்னொன்று, முதல் முறை புண்ணின் வீக்கமும் படலமும் விளிம்பை மறைத்திருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் அவை வடிந்த பிறகு பார்க்கும்போது, ஒழுங்கற்ற ஓரம் ஏதாவது இருந்தால் தெளிவாகத் தெரியும். முதல் பயாப்ஸி தவறவிட்ட சிறுபான்மையை இந்த இரண்டாம் பார்வை பிடிக்கிறது. எல்லா நோயாளிக்கும் இது கட்டாயமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வலி மாத்திரை சாப்பிட்ட இளவயதுக்காரர், சின்னப் புண், போதிய துண்டுகள் எடுத்து எல்லாம் சுத்தம் என்றால் சிலர் விட்டுவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புண், விளிம்பில் சிறு ஐயம் என்றால் விடக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

அவர் வந்தார். இன்சிசுராவில் புண் இருந்த இடத்தில் இப்போது ஒரு தழும்பு. நடுவே லேசான சிவப்பு, சுற்றிலும் மடிப்புகள் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. இந்தச் சிவப்பு புதுத் தோலின் சிவப்பு. இன்னும் சில மாதத்தில் வெளுத்துவிடும். தழும்பிலிருந்து இரண்டு துண்டு எடுத்தார்கள், சுத்தம். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் முடிகிறது. கிருமி போய்விட்டதா என்பது மட்டும் பாக்கி. அமிலக் குறைப்பு மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து அதை அறியலாம். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் சில ஆன்டிபயாடிக்குகளுக்கு இந்தக் கிருமி அடங்காமல் போவது சாதாரணம் என்பதால், மருந்து முடிந்ததும் கிருமி முடிந்தது என்று எண்ணிவிட முடியாது.

சிறுசதை, அதாவது பாலிப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருங்குடலில் வரும் பாலிப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பவர்கள் அதே அச்சத்தை இரைப்பைக்கும் கொண்டுவருகிறார்கள். அதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இரைப்பையில் காணப்படுவதில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் வரும். உடல் பகுதியில் சின்னச் சின்னதாக, பளபளப்பாக, பலவாக இருப்பவை ஃபண்டிக் கிளாண்டு பாலிப். அமிலக் குறைப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு இவை வருகின்றன. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஒன்றிலிருந்து மட்டும் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை இன்னும் தேவையா என்று யோசித்தால் போதும். இரண்டாவது வகை ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப், சிவந்து, சில நேரம் மேலே அரிந்தது போல் இருக்கும். நாட்பட்ட அழற்சியின் விளைவு இது. கிருமியை ஒழித்தால் பல சமயம் தானே சுருங்கிவிடும். பெரிதாக இருந்தால் எடுத்துவிடுவார்கள். மூன்றாவது அடினோமா. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் புற்றாக மாறக்கூடியது. எந்த அளவானாலும் முழுதாக எடுக்க வேண்டும்.

கண்ணால் பார்த்தே மூன்றையும் பிரித்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நுண்ணோக்கிதான் பிரிக்கும். பெரிய பாலிப்பிலிருந்து ஒரு துணுக்கு மட்டும் கிள்ளி எடுத்தால் உள்ளே இன்னொரு மூலையில் இருப்பது தெரியாமல் போகும். அதனால்தான் பெரிதானால் கம்பிக் கண்ணி போட்டு அடியோடு அறுத்து முழுதாக அனுப்புகிறார்கள். இந்த முறையில் ரத்தப்போக்கு வாய்ப்பு கிள்ளல் பயாப்ஸியைவிட அதிகம். ஆகவே ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை என்ன செய்வது என்பது முன்கூட்டியே இதய மருத்துவரோடும் பேசி முடிவாக வேண்டிய விஷயம்.

பயாப்ஸியும் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. கவ்வும் கருவி மேல்தோலைத்தான் கடித்தெடுக்கும். சுவரின் ஆழத்தில், தோலுக்கு அடியில் பரவும் ஒரு வகைப் புற்றில் மேலே புண்ணோ கட்டியோ இல்லாமல் போகலாம். அப்போது சொல்லிக்கொடுப்பவை அந்த மடிப்புகள். காற்று ஊதினாலும் விரியாமல், தடித்து, இரைப்பை விறைத்து நிற்கும். துண்டுகள் எல்லாம் ‘புற்று இல்லை’ என்று வந்தாலும் அனுபவமுள்ள மருத்துவர் அங்கே நிற்க மாட்டார். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி கடித்து ஆழமாக எடுப்பார், அல்லது என்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் ஸ்கேன் பொருத்திய கருவியால் சுவரின் அடுக்குகளைப் பார்ப்பார். வழவழப்பான தோலுக்குக் கீழே உருண்டையாகப் புடைத்திருக்கும் கட்டிக்கும் இதே கதிதான். ‘பயாப்ஸி நார்மல்’ என்று வந்த பிறகும் சாப்பிட்ட சில வாயிலேயே வயிறு நிரம்புவது, எடை குறைவது, தொடர் வாந்தி இருந்தால் அறிக்கையைக் காட்டி ஓய்ந்துவிடாமல் மறுபடி கேளுங்கள்.

படம் உள்ள அந்த வண்ணத் தாளை விடத் திசு அறிக்கைதான் முக்கியமான காகிதம். பல குடும்பங்கள் முதலாவதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இரண்டாவதை வாங்கவே போவதில்லை. மாத்திரையில் வலி நின்றுவிட்டதால் மறந்துவிடுகிறார்கள். வயிற்றில் புண் என்று சொல்லப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் இன்றே அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ‘கேஸ்ட்ரிக் அல்சர்’ என்று இருந்து, திசு அறிக்கை கையில் இல்லாவிட்டால் அதை வாங்கிவிடுங்கள். சதை எடுக்கப்படவே இல்லை என்றால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகான இரண்டாம் பார்வைக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் போய்வாருங்கள்.